“ஆச்சி, ஒரு பிரச்சினை”: அதற்கு மேல் எழுதாதவரிடம் விஷயத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பெரும்பாலும் வரும். போன் ஒரு தடவை அதிரும். எடுத்துப் பார்த்தால், “ஆச்சி, ஒரு பிரச்சினை.” அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. வணக்கம் கிடையாது, சிலசமயம் பெயர்கூடக் கிடையாது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நான் பல வருஷம் கணக்கு எழுதிக் கொடுத்தவள். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று குழு நோட்டுகளின் முதல் பக்கத்தில் என் நம்பர் ஒட்டிக்கொண்டது. கணக்கு எழுதுவதை விட்டாயிற்று, நம்பரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அதனால் இந்த ஒற்றை வரிச் செய்தி எனக்குப் பழக்கம். அதை அனுப்பியவரிடம் உடம்பா, பணமா, வேலையா, குடும்பமா என்று ஐந்தாறு செய்திக்குள் தெரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குப் பிறகு யாரிடம் அனுப்புவது என்பது ஓரளவு சுலபம். இந்த முதல் பத்து நிமிஷத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம்.

ஏன் ஒற்றை வரி?

சோம்பலால் இல்லை. ஒருவர் “ஒரு பிரச்சினை” என்று மட்டும் எழுதினால் மூன்றில் ஒன்று இருக்கும். நாம் இருக்கிறோமா, இப்போது பேசுவோமா என்று கதவைத் தட்டிப் பார்க்கிறார். இல்லையென்றால் எழுதியது வேறு யார் கண்ணிலாவது படும் என்று பயப்படுகிறார். நம் ஊர்ப்பக்கம் ஒரு போனை மூன்று பேர் பார்ப்பார்கள், படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பவும் செய்வார்கள். மூன்றாவது, அவருக்கே அது எந்தப் பிரச்சினை என்று பெயர் வைக்கத் தெரியவில்லை. நாலும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும்போது எந்த நுனியைப் பிடித்து எழுதுவது?

இதனால்தான் “என்ன பிரச்சினை?” என்று திருப்பிக் கேட்பது பெரும்பாலும் வேலைக்கு ஆவதில்லை. அவருக்குக் கஷ்டமாக இருப்பதே அந்தக் கேள்விதான். அதையே திரும்பக் கேட்டால் “ஒண்ணுமில்ல ஆச்சி, அப்புறம் சொல்றேன்” என்று வரும். அந்த அப்புறம் வருவதே இல்லை.

முதல் பதில்

நான் அனுப்பும் முதல் பதில் இதுதான், வார்த்தை மாறாமல்: “இருக்கேன். இப்ப யாருக்காவது உயிருக்கு ஆபத்தா? ஆமா / இல்லனு மட்டும் சொல்லுங்க.”

இந்தக் கேள்வியை நான் ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். சில வருஷம் முந்தி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவர் விடிகாலையில் “ஒரு பிரச்சினை” என்று அனுப்பினார். நான் வழக்கம்போல “என்ன பிரச்சினை, சொல்லுங்க” என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார். போனில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துகிறவர். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் காட்டிக்கொண்டே இருந்தது, நான் காப்பி கலந்து குடித்தேன். கடைசியில் வந்த செய்தி: அவர் வீட்டம்மாவுக்குக் காலையிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. முக்கால் மணி நேரம் போயிருந்தது. மூளையில் ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை, கடைசியாக நோயாளி நல்லபடி இருந்ததைப் பார்த்த வேளையிலிருந்து எண்ணுவார்கள். காப்பி குடித்துக்கொண்டு அதில் முக்கால் மணியை நான் விட்டேன்.

ஆமா என்று வந்தால் எழுத்தை நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணுங்கள். அவர் 108-ஐக் கூப்பிட்டாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் கூப்பிடச் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: யாருக்கு, என்ன தெரிகிறது, எத்தனை மணியிலிருந்து. வாய் கோணல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்றால் “பக்கவாதம் மாதிரி இருக்கு” என்று 108-இல் சொல்லச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போது புரியும். சர்க்கரைத் தண்ணி, காப்பி என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பதே அதுதான்.

பதில் வரவில்லை என்றால்? ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நான் கூப்பிடுவேன். எடுக்கவில்லையென்றால் பத்து நிமிஷம் கழித்து ஒரு தடவை. அதற்கும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு நம்பர் இருந்தால் கேட்பேன், ஆனால் “அவங்க வீட்ல ஏதோ பிரச்சினையாமே” என்று வாயைத் திறக்கமாட்டேன். “அவங்க போன் எடுக்கல, சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றீங்களா” என்பதோடு சரி. சங்கதி ஊர் முழுக்கப் பரவினால் அடுத்த தடவை அவர் நமக்கு எழுதமாட்டார்.

எழுதவா, பேசவா?

இல்லை என்று வந்தால் அடுத்தது: “போன் உங்க கையிலதான் இருக்கா? எழுதலாமா, கூப்பிடவா, வாய்ஸ் அனுப்புறீங்களா?”

வயதானவர்களுக்கு வாய்ஸ்தான் கைவரும். மாமியார், கொழுந்தன் எல்லாம் கூடத்தில் இருக்கிற வீட்டு மருமகளுக்கு எழுத்துதான் வசதி. கூப்பிடவா என்று கேட்டால் “கூப்பிடாதீங்க ஆச்சி” என்று ஒரு பெண் சொல்வதே பாதி தகவல். நான்கில் குடும்பம் என்ற கட்டத்துக்கு மனத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். முடிவுக்கு வந்துவிடமாட்டேன்.

“யாருக்கு?”

என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று கட்டிப்போட்டால் நான் இதைத்தான் கேட்பேன். “என்ன” என்றால் கதையைச் சொல்ல வேண்டும், வெட்கம் வரும். “யாருக்கு” என்றால் ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். “எனக்கு”, “அவுகளுக்கு”, “பையனுக்கு”, “எங்க அயித்தைக்கு”. அந்தச் சொல்லோடு பாதி வழி தெரிந்துவிடும். அயித்தைக்கு என்றால் உடம்பை முதலில் நினைக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு என்றால் வேலை. கல்யாணமான மகளுக்கு என்று வந்து, சொல்லுகிற அம்மா அதோடு நிறுத்திவிட்டால், பெரும்பாலும் சம்பந்தி வீட்டு விவகாரம்.

“எங்களுக்கு” என்று பன்மையில் வந்தால் நிதானிக்க வேண்டும். பணமாக இருக்கலாம், பங்காளிச் சண்டையாக இருக்கலாம். “யாருக்கும் இல்ல, நான்தான் பிரச்சினை” என்று வந்தால் மற்ற எல்லாக் கேள்வியையும் தள்ளி வைத்துவிட்டு நேராகக் கேட்க வேண்டும்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலருக்கும் பயம். அப்படி நடப்பதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் அப்போதுதான் பேசவே தொடங்குகிறார்கள். ஆமா என்று வந்தால் அவரைத் தனியாக விடாமல் யாரையாவது பக்கத்தில் உட்கார வைப்பது முதல் வேலை. மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். மனநலத்துக்கான 14416 இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது குடித்துவிட்டார் என்றால் 108-தான், வேறு பேச்சு இல்லை.

நாலையும் எதிரில் வைப்பது

யாருக்கு என்று தெரிந்த பிறகு நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

“1 உடம்பு, 2 பணம், 3 வேலை, 4 வீட்டு மனுஷங்க. நம்பரை மட்டும் போடுங்க. ரெண்டு மூணு இருந்தாலும் போடலாம்.”

நம்பர் போடுவது எழுதுவதைவிட லேசு. ஒரு பெண் “4” என்று அழுத்துவதற்கும் “என் வீட்டுக்காரர் அடிக்கிறார்” என்று எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தாலும் “4” என்பதில் என்ன தெரியப்போகிறது?

நாலாவதை “குடும்பம்” என்றும் “வீடு” என்றும் எழுதாமல் “வீட்டு மனுஷங்க” என்று எழுதக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டில் “வீட்டுல பிரச்சினை” என்றால் அது உண்மையிலேயே வீடாக இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. அப்பச்சி காலத்திலிருந்து பாகம் பிரியாமல், இருபது முப்பது பங்கு விழுந்து, ஓடு ஒழுகி, ஒழுகுவதை மாற்ற ஒரு பங்காளி சம்மதிக்காமல் கிடக்கும். ஒருவருக்கு “வீட்டுல” என்றால் மனைவி. இன்னொருவருக்கு மழையில் ஈரமேறும் சுவர். மற்றொருவருக்குத் தன் பங்கை விற்கச் சொல்லி நெருக்கும் ஆள். ஒரே சொல். நானும் ஒரு தடவை ஒருவரின் “வீட்டுப் பிரச்சினை”க்குப் புருஷன் பெண்டாட்டி சமாதானம் பேசத் தொடங்கி, அவர் நாலு செய்தி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு “ஆச்சி, நான் தேக்குத் தூணைப் பத்திக் கேக்குறேன்” என்றார்.

ஒரு எச்சரிக்கை. நீங்களாக ஊகித்து “பணமா?” என்று ஒன்றை மட்டும் நீட்டாதீர்கள். நம் ஆட்களுக்குப் பெரியவர்கள் சொன்னதை மறுக்க வாய் வராது. “ஆமா ஆச்சி” என்று சொல்லிவிட்டு உள்ளதை விழுங்கிவிடுவார்கள். நாலையும் சேர்த்து வைத்தால்தான் எடுக்கிறவருக்கு இஷ்டம்போல எடுக்க முடியும்.

“2” என்று வந்தால்

பணம் என்பதற்குள்ளே மூன்று வேறு வேறு சங்கதி இருக்கிறது. பணம் இல்லை. பணம் போய்விட்டது. பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். முதலாவதற்கு நாளைக் காலை வரை பொறுக்கலாம். இரண்டாவதற்குப் பொறுக்கவே முடியாது. அதனால் “2” என்று வந்த உடனே நான் கேட்பது “இல்லையா, போச்சா, கேக்குறாங்களா?”

போச்சு என்றால், ஏமாற்றி வாங்கியிருந்தால் 1930-க்கு அப்போதே கூப்பிட வேண்டும், cybercrime.gov.in என்ற தளத்திலும் பதியலாம். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிகிறதா என்பதுதான் அங்கே போட்டி. எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடச் சொல்லுங்கள். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும்.

கேட்கிறார்கள் என்பதில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நம் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வீடியோவில் வந்து, உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் இப்போது டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், யாரிடமும் சொல்லக்கூடாது என்பான். சொல்லக்கூடாது என்று மிரட்டப்பட்டவர் அனுப்பும் செய்தி எப்படி இருக்கும்? இதே ஒற்றை வரிதான். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், நாம் கூப்பிட்டால் எடுக்காமல், “அப்புறம்” என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் நான் இப்படி எழுதுவேன்: “யாராவது வீடியோ கால்ல இருக்கச் சொல்றாங்களா? ஆமான்னா 1 போடுங்க.” வீடியோவில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. அதை எழுதிவிட்டு, கட் பண்ணச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யாரையாவது அந்த வீட்டுக்கு நேரில் அனுப்புவது நல்லது. பயந்துபோனவருக்குச் செய்தியைவிட ஆள் முகம் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் நம்பரிலிருந்தே “ஒரு பிரச்சினை” என்று வந்து, இரண்டாவது செய்தியிலேயே ஜீபே நம்பர் வந்தால், அந்தக் கணக்கை யாரோ கைப்பற்றியிருக்கலாம். சாதாரண போன் காலில் அவரைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்கும்வரை ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம். என் அனுபவத்தில், உண்மையில் பணம் வேண்டியவர் “ஒரு உதவி” என்றுதான் ஆரம்பிப்பார், “பிரச்சினை” என்று ஆரம்பிக்கமாட்டார். தொகை சொல்வதற்குள் அரை மணி நேரம் நம் பேரப்பிள்ளைகளை விசாரிப்பார்.

“4” என்று வந்தால்

அதிகம் எழுத வைக்காதீர்கள். ஆமா இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். “இப்ப தனியா இருக்கீங்களா?” “கை நீட்டுனாங்களா?” “இன்னைக்கி ராத்திரி அங்க இருக்குறது பயமா இருக்கா?” மூன்றாவதற்கு ஆமா என்றால், சேர்த்து வைக்கிற பேச்சு, பஞ்சாயத்து எல்லாம் நாளைக்கு. இன்று ராத்திரி அவள் எங்கே தூங்கப்போகிறாள் என்பது ஒன்றே கேள்வி. பெண்களுக்கான 181 எந்த நேரமும் எடுப்பார்கள், குழந்தை என்றால் 1098, தனியாக விடப்பட்ட வயதானவர் என்றால் 14567. மிரட்டிய செய்தி, வாய்ஸ் இருந்தால் அதை வேறு ஒரு நம்பருக்கு அனுப்பிவைத்துவிட்டு, நம்மோடு பேசியதை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். பயத்தில் இரண்டையும் சேர்த்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு, பின்னால் சாட்சி இல்லாமல் போகும்.

ஒரு சாயங்காலம், செய்தி செய்தியாக

நாலும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி இருக்கும் என்பதை ஒரு உதாரணத்தால்தான் காட்ட முடியும். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, குழுவில் இருந்த ஒரு பெண். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

இரவு 7.40: “ஆச்சி ஒரு பிரச்சினை.”

“இருக்கேன் தாயி. இப்ப யாருக்காவது உயிருக்கு ஆபத்தா? ஆமா / இல்ல.”

“இல்ல.”

“எழுதலாமா, கூப்பிடவா?”

“எழுதுறேன். அயித்த தூங்குறாக.”

“யாருக்குப் பிரச்சினை?”

இதற்கு மூன்று நிமிஷம் பதில் இல்லை. பிறகு, “எல்லாருக்கும்.” நான் நாலு நம்பரையும் அனுப்பினேன். “2” என்று வந்தது. இல்லையா, போச்சா, கேக்குறாங்களா? “கேக்குறாங்க. நகை ஏலம் போகுது.”

நகையா, எத்தனை பவுன், எங்கே வைத்தது என்று இறங்கிவிடத் தோன்றும். நான் அதற்குமுன் இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவது, “எப்போலேர்ந்து?” அதாவது, இது எப்போது தொடங்கியது. இரண்டாவது, “அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு?” பணக் கஷ்டம் தானாக வராது, அதற்கு முன்னால் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

ஏல நோட்டீஸ் போன வாரம் வந்தது. எட்டு மாதமாக வட்டி கட்டவில்லை. முதலில் கொஞ்சம் அசட்டை, பிறகு மூன்று மாதமாகப் புருஷன் பணம் அனுப்பவே இல்லை. வளைகுடாவில் எலக்ட்ரீஷியன் வேலை. “பேங்க்ல ஏதோ லேட்டுங்கிறாக” என்று எழுதினாள். மூன்று மாதம் எந்த பேங்க்கிலும் லேட்டாகாது. “சம்பளம் வந்து அனுப்பலயா, சம்பளமே வரலயா?” என்று அவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. கம்பெனி மூன்று மாதமாக யாருக்கும் சம்பளம் தரவில்லை, அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆக, அவள் சொன்னது 2. அதற்கு வேர் 3.

இதோடு நிறுத்திவிட நான் தயாராகத்தான் இருந்தேன். பழக்கத்துக்கு ஒரு கடைசிக் கேள்வி கேட்டேன், எப்போதும் கேட்பதுதான்: “காசு இல்லாததால இப்ப வீட்ல எதை நிறுத்தியிருக்கீங்க?”

பணக் கஷ்டத்தில் மனுஷர்கள் எதையாவது நிறுத்துவார்கள். பள்ளிக்கூட வேன், கேபிள், பால். சிலர் மருந்தை நிறுத்துவார்கள், அதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

“அயித்தைக்கு இன்சுலின் ரெண்டு வேளை. இப்ப ஒரு வேளதான் போடுறோம். நாலு நாளா அதும் இல்ல.”

“அயித்த பகல்லயும் தூங்குறாகளா?”

“ஆமா. தண்ணி தண்ணினு கேட்டுட்டே இருக்காக. மத்தியானம் ஒருக்கா வாந்தி எடுத்தாக.”

அந்த இடத்தில் எழுத்தை விட்டுக் கூப்பிட்டேன். இன்சுலின் நின்று, அடங்காத தாகம், வாந்தி, மயக்கமான தூக்கம் மூன்றும் சேர்ந்தால் காலைவரை பார்க்கிற விஷயமில்லை. மூச்சு ஆழமாக வாங்கினாலோ, வாயில் பழ வாசம் அடித்தாலோ இன்னும் மோசம். பக்கத்து வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தது, 438 காட்டியது. மிஷின் எண் குறைவாகக் காட்டியிருந்தாலும் நான் அனுப்பியிருப்பேன், ஏனென்றால் அந்த அடையாளங்கள் போதும். வீட்டில் பழைய இன்சுலின் மிச்சம் இருந்தால் அவளாகக் கணக்குப் போட்டுக் குத்த வேண்டாம் என்றேன். 108 வந்தது, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் கேள்விக்கு அவள் “இல்ல” என்றது பொய் இல்லை. அயித்தை தூங்குகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். உயிருக்கு ஆபத்தா என்ற கேள்வி எனக்கு அவசியம்தான், ஆனால் அதற்கு வரும் “இல்ல”யை நம்பி முடித்துவிடக்கூடாது என்பதை இந்தச் சாயங்காலத்தில்தான் கற்றேன்.

மறுநாள் காலை மூன்றையும் வரிசைப்படுத்தினோம். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் விலையில்லாமல் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கித்தான் பழக்கம். வெளியே வரும்போது கையோடு வாங்கிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு என்றைக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கச் சொன்னேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அயித்தையின் பெயரை அதில் சேர்க்க ஊர் செவிலியரிடம் சொன்னோம்.

நகைக்கு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏலத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அசல் 1,50,000, வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். மாதம் 2,250 வீதம் எட்டு மாதத்துக்கு 18,000. அவள் அசலையும் சேர்த்துக் கட்டினால்தான் ஏலம் நிற்கும் என்று எண்ணி இடிந்துபோயிருந்தாள். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டாளா? கேட்கவே இல்லை, கவுண்டருக்குப் போகவே பயம். குழுவில் இருந்து உள்கடனாக 18,000 எடுத்தாள். நேரில் போய், வட்டியைக் கட்டி, அடகை மறுபடி எழுதி, புதுச் சீட்டு வாங்கி வந்தாள். வாயால் “நிறுத்திட்டோம்மா” என்றால் கேட்டுக்கொண்டு வராதே, சீட்டு வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன்.

வேலைதான் மெதுவாக நகர்ந்தது, அது அப்படித்தான் நகரும். பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறதா, கம்பெனி வாங்கி வைத்திருக்கிறதா என்பதை முதலில் கேட்டேன். கம்பெனியிடம் இருந்தது. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் வந்ததற்கான வங்கிச் செய்தி ஆகியவற்றின் படம், கம்பெனி பெயர், முகவரி எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அவரும், madad.gov.in தளத்தில் இங்கிருந்து அவளும் மனுக் கொடுத்தார்கள். அதே கம்பெனியில் இருந்த மற்றவர்களையும் சேர்ந்து எழுதச் சொன்னோம், ஒருவர் கேட்பதைவிட இருபது பேர் கேட்பது கனமாக விழும். இது இந்த நாளுக்குள் முடியும் என்று நான் அவளுக்குத் தேதி எதுவும் சொல்லவில்லை.

பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை நானே கேட்பேன். “எப்படி இருக்கு?” என்று இல்லை, அப்படிக் கேட்டால் “பரவால்ல ஆச்சி” என்று முடிந்துவிடும். “அயித்தைக்குக் காலை ஊசி போட்டாச்சா? மனு நம்பர் என்ன சொல்லுது?” என்று கேட்பேன். அடகுச் சீட்டின் படத்தை மட்டும் அவளாகவே அனுப்பினாள், மூலையில் அவள் கட்டைவிரல் பாதி விழுந்திருந்தது.